ஐந்துக்கு ஐந்து ரிஸ்க் மேட்ரிக்ஸ்: நீண்ட நாள் ஓட்டிய பிறகு என் கருத்து

கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் நண்பர் ஒருவர், "உங்க ரிஸ்க் மேட்ரிக்ஸ் எக்செல அப்படியே எடுத்து ஓட்டிக்கலாமுங்களா?" என்று கேட்டிருந்தார். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் நீண்ட நாளாகப் புழங்கும் ரெடிமேட் ஷீட் அது. ஐந்துக்கு ஐந்து கட்டம், பச்சை மஞ்சள் சிவப்பு, சாத்தியத்தைப் பாதிப்பால் பெருக்கினால் மதிப்பெண். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து படி சரியான அளவு. மூன்று படி வைத்தால் எல்லாரும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். பத்து வைத்தால் ஆறுக்கும் ஏழுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வரியிலும் பொறுப்பாளர் பெயரையும், இப்போதே நடப்பில் இருக்கும் கட்டுப்பாட்டையும் எழுதாமல் அடுத்த கட்டத்துக்கு விடாது. இது உண்மையிலேயே நல்ல பழக்கம்.

எரிச்சல் ஒன்றே ஒன்றுதான், ஆனால் ஷீட்டைத் திறக்கும்போதெல்லாம் வருகிறது. சாத்தியம் என்ற பத்தியில் அரிது, குறைவு, நடக்கலாம், அதிகம், அநேகமாக நிச்சயம் என்று ஐந்து சொல் இருக்கிறது. எதற்குள், எத்தனை முறைக்கு என்று ஒரு வரிகூடக் கிடையாது.

இதனால் என்ன ஆகும் என்று ஒரே வரியை வைத்துப் பார்க்கலாம்: "டையிங்கில் ஷேட் மாறி வருவது." டையிங் சூப்பர்வைசர் 2 போடுவார். மெர்ச்சண்டைசர் 4 போடுவார். புரொடக்‌ஷன் மேனேஜர் 5 போடுவார். "ஒண்ணு ரெண்டு லாட் தப்பறதுக்கு இத்தனை பெரிய நம்பருங்களா?" என்று சூப்பர்வைசர் கேட்பார். மூவரும் சொல்வது சரிதான் என்பதுதான் வேடிக்கை. நூறு லாட்டில் ஐந்து ரீ-டையிங்குக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சூப்பர்வைசர் லாட் லாட்டாகப் பார்ப்பவர், அவருக்கு அது 5 சதவீதம். ஒரு ஆர்டருக்கு 12 லாட் என்றால், ஒரு லாட்டிலாவது ஷேட் தப்ப வாய்ப்பு 1 − 0.95^12, அதாவது 46 சதவீதம். மெர்ச்சண்டைசர் ஆர்டர் ஆர்டராகப் பார்ப்பவர். புரொடக்‌ஷன் மேனேஜர் மனதில் இருப்பது முழு வருடம். வருடத்தில் ஒருமுறைகூட ஷேட் மாறாத யூனிட் எங்கே இருக்கிறது? கருத்து வேறுபாடு போலத் தெரிவது அத்தனையும் அலகு வேறுபாடுதான்.

இதற்கு மருந்து, பத்தியின் தலைப்பிலேயே அலகை எழுதிவிடுவது. "ஒரு ஆர்டர் முடிவதற்குள் ஒருமுறையாவது நடக்க வாய்ப்பு." பணம், தேதி, பையரிடம் பேச்சு எல்லாமே ஆர்டர் கணக்கில் நடப்பதால் ஆர்டரே சரியான அலகு. பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்திலேயே எண்: 1 என்றால் 3 சதவீதத்துக்குள், 2 என்றால் 3 முதல் 10, 3 என்றால் 10 முதல் 30, 4 என்றால் 30 முதல் 70, 5 அதற்கு மேல். சதவீதம் பிடிபடாதவர்களுக்காக அதே கட்டத்தில் "10 ஆர்டரில் 1 முதல் 3" என்றும் எழுத வேண்டும். எண்ணை வேறு ஷீட்டில் விளக்கமாக வைத்தால் ஒருவரும் போய்ப் பார்ப்பதில்லை, பழைய சொல்லையே தன் அர்த்தத்தில் படித்துக்கொள்வார்கள்.

வருடக் கணக்கில் வரும் ரிஸ்க்கையும் இதற்கு மாற்ற வேண்டும். பொது சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையம் நின்று டையிங் முடங்குவது வருடத்துக்கு ஒருமுறை என்றால், 90 நாள் ஓடும் ஆர்டருக்குள் அது நடக்க வாய்ப்பு ஏறக்குறைய 22 சதவீதம். ஆக 3.

மேலே சொன்ன 46 சதவீதத்தில் ஒரு கோணல் உண்டு. லாட்டுகள் தனித்தனியாகத் தப்பினால்தான் அந்தக் கணக்கு. லேப் டிப் என்ற சிறு மாதிரியிலிருந்து பல்க்குக்குப் போகும்போது ரெசிபியே தவறியிருந்தால் ஒரே நேரத்தில் நாலைந்து லாட் போகும். அப்போது சாத்தியம் 46க்குக் கீழே இறங்கும், பாதிப்பு மேலே ஏறும். எனவே ரீ-டையிங் ரிஜிஸ்டரில் தப்பிய லாட்டை எண்ணாமல், தப்பிய லாட் இருந்த ஆர்டரை எண்ணிப் படி போடுவதே நல்லது.

பாதிப்புப் பத்தியிலும் இதே நோய்: "மிதமானது", "கடுமையானது". இங்கே ரூபாய் போட்டால் போதும். 1 லட்சத்துக்குள், 3 லட்சத்துக்குள், 10, 30, அதற்கு மேல். கம்பெனி அளவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்பது மட்டும் மாறக்கூடாது. தொழிலாளிக்கு அடிபடுவதை ரூபாயாக்க வேண்டாம், அதற்குத் தனிப் பத்தி. இரண்டில் எது பெரிதோ அதுவே பாதிப்பு மதிப்பெண்.

ரூபாய் போட்ட பிறகும் ஷேட் வரியில் ஒருவர் 1, இன்னொருவர் 4 போடுவார்கள். காரணம், ஒரே வரிக்குள் இரண்டு முடிவு ஒளிந்திருக்கிறது. ரீ-டையிங் கப்பல் தேதிக்கு முன் கையிருப்பாக உள்ள நாட்களுக்குள் முடிந்தால் செலவு லட்சத்துக்குள். அதைத் தாண்டி தூத்துக்குடி கப்பலைத் தவறவிட்டால் சரக்கு நம் செலவில் விமானத்தில் போகும், 10 லட்சத்தைத் தாண்டும். சராசரி எடுத்து 3 என்று எழுதுவது இரண்டுக்குமே பொருந்தாத எண். வரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: கையிருப்புக்குள் முடிவது சாத்தியம் 4, பாதிப்பு 1. கப்பல் தவறுவது சாத்தியம் 2, பாதிப்பு 4. இப்போது நடப்பில் இருக்கும் கட்டுப்பாடுகள் வேலை செய்கின்றன என்று வைத்தே போட வேண்டும், இல்லையென்றால் ஒருவர் கட்டுப்பாட்டோடும் ஒருவர் இல்லாமலும் போடுவார்.

மதிப்பெண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சீட்டில் எழுதித் தர வேண்டும். முதலாளி முதலில் "மூணு" என்றால் அறை முழுக்க மூன்றுதான். ஒரு படி வித்தியாசம் என்றால் பெரியதை எடுத்துக்கொண்டு நகரலாம். இரண்டு படி என்றால், "எத்தனை ஆர்டரில் பார்த்தீங்க?" என்று கேட்டால் போதும். பாதி நேரம் ஒருவருக்கு மற்றவர் அறியாத தகவல் தெரிந்திருக்கும்.

இத்தனையும் சரிசெய்த பிறகும் இந்த ஷீட் என்னைக் கடுப்பேற்றுவது பெருக்கலில். சாத்தியம் 1, பாதிப்பு 5 என்றால் மதிப்பெண் 5, பச்சை. சாத்தியம் 3, பாதிப்பு 3 என்றால் 9, மஞ்சள். இப்போது எண்ணை வைத்துப் பாருங்கள். 2 சதவீத வாய்ப்பில் 45 லட்சம் போவது, சராசரியாக 90,000 ரூபாய். 18 சதவீத வாய்ப்பில் 5 லட்சம் போவது, அதுவும் 90,000 ரூபாய். ஒரே நஷ்டத்துக்கு இரண்டு நிறம்! மும்மடங்குப் படியில் 1, 2, 3 என்பவை உண்மையில் மூன்றின் அடுக்கு எண்கள், வாய்ப்பையும் ரூபாயையும் பெருக்க அவற்றைக் கூட்டத்தான் வேண்டும். 1+5, 3+3 இரண்டும் 6. சாத்தியத்தின் மேல் படிகள் மும்மடங்காக ஏற முடியாது, நூறு சதவீதத்தில் முட்டிக்கொள்ளும். அங்கே கூட்டலும் தோராயம்தான். ஆனாலும் பெருக்கலை விட எவ்வளவோ தேவலை. இந்த ஷீட்டில் பெருக்கல் ஃபார்முலா பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பாஸ்வேர்டு விற்றவரிடம் இருக்கிறது, கேட்டால் பதில் இல்லை.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்துக் கூட்டிக்கொண்டு இன்னும் இதைத்தான் ஓட்டுகிறோம், மாற்றும் எண்ணமும் இல்லை. கரூர் நண்பருக்கு: காசு கொடுத்து வாங்காதீர்கள், வெறும் எக்செலில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் தறி, நூல் வரத்து, பிரிண்டிங் என்று ரிஸ்க் வேறு. தலைப்பில் எழுதும் அலகை முதலில் முடிவு செய்துவிட்டு, போன வருட ஆர்டர் ஃபைல்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.