நாகர்கோவிலுக்கு வெயிட்டிங் லிஸ்ட், திருச்சியிலிருந்து காலி பெர்த்: மூன்று வருட அனுபவம்

வேலை சென்னையில், ஊர் நாகர்கோவில். அம்மா தனியாக இருப்பதால் மாதம் ஒருமுறையாவது போய் வந்தாக வேண்டும். எனக்கு வசதியான வண்டி எழும்பூரிலிருந்து மாலையில் கிளம்பும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், 12633. காலையில் ஊரில் இறங்கிக் குளித்துச் சாப்பிட்டுவிடலாம். சிக்கல் என்னவென்றால் வெள்ளிக்கிழமைக்கு அதில் டிக்கெட் கிடைக்காது. இப்போது அறுபது நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. என் வேலையில் அடுத்த வாரம் லீவு உண்டா இல்லையா என்பதே புதன்கிழமைதான் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை வழக்கம்போலப் பார்த்தேன். ஸ்லீப்பரில் எழும்பூர்–நாகர்கோவில் GNWL62/WL41. முதல் எண், இதுவரை கொடுத்த காத்திருப்பு டிக்கெட்டுகளின் வரிசை. இரண்டாவது எண், ரத்தானவர்கள் போக இன்று எடுத்தால் நமக்குக் கிடைக்கும் இடம். வெள்ளிக்கிழமைக்குள் நாற்பத்தொரு பேருக்கு இடம் கிடைப்பது நடக்காத காரியம். சும்மா கை அரித்ததில் புறப்படும் ஊரை மாற்றித் திருச்சி என்று போட்டேன். அதே வண்டி, அதே நாள், அதே ஸ்லீப்பர். AVAILABLE-0011 என்று வந்தது.

ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். வண்டி சென்னையிலேயே நிரம்பிவிட்டது என்றால் திருச்சியில் மட்டும் பதினோரு பெர்த் எங்கிருந்து முளைக்கும்?

வண்டி நிரம்பிவிட்டது என்று நாம் சொல்வதே சரியில்லை. ஒரு பெர்த்தை ரயில்வே முழு வழிக்கும் ஒரே பொருளாக விற்பதில்லை. புறப்படும் ஊரிலிருந்து கடைசி வரை, அல்லது கடைசிக்குப் பக்கத்து ஊர்கள் வரை போகிறவர்களுக்குப் பொது ஒதுக்கீடு ஒன்று இருக்கிறது. GNWL என்பது அந்த வரிசை. நடுவில் இருக்கும் பெரிய ஊர்களில் ஏறுகிறவர்களுக்காகக் கொஞ்சம் பெர்த்துகளைத் தனியாக எடுத்து வைக்கிறார்கள். அது தீர்ந்தால் வரும் வரிசை RLWL. சிறிய ஊர்கள் பலவற்றுக்கும், வழியிலேயே இறங்கிவிடுகிறவர்களுக்கும் சேர்த்து ஒரு பொதுக் குடம் உண்டு, அதன் வரிசை PQWL. ஒவ்வொரு குடத்திலும் எத்தனை பெர்த் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஒன்று வற்றிவிட்டது என்பதற்காக மற்றதிலிருந்து உடனே ஊற்றமாட்டார்கள். நான் எழும்பூர் என்று போட்டபோது முதல் குடத்தைத் திறந்தேன், திருச்சி என்று போட்டபோது வேறு குடம். அவ்வளவுதான். திருச்சியில் எனக்கு எந்தக் குடம் என்பது அன்று தெரியவில்லை, இடம் இருக்கும்போது பெயர் காட்டாது. சில வாரம் கழித்து அங்கும் தீர்ந்தபோது RLWL என்று வந்தது, அப்போதுதான் புரிந்தது.

சரி, திருச்சிக்கு வைத்த அந்தப் பெர்த்துகள் சென்னையிலிருந்து திருச்சி வரை காலியாகவா ஓடுகின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம். பதில் முதல் பயணத்திலேயே கிடைத்தது. பத்து மணி சுமாருக்குத் திருச்சியில் வண்டி வந்து நின்றது. என் லோயர் பெர்த்தில் ஒரு பெரியம்மா போர்வையை மடித்துப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். "எந்திரிச்சிட்டேன் தம்பி, உக்காரு. நான் இங்கனதான் இறங்கணும்," என்றார். எழும்பூரில் ஏறித் திருச்சியில் இறங்குகிறவர். ஒரே பெர்த், ஒரே இரவு, இரண்டு டிக்கெட். நாகர்கோவில் வரை போக வேண்டிய காத்திருப்புக்காரருக்கு அந்தப் பெர்த்தைக் கொடுக்க முடியாது, ஏனென்றால் முதல் ஐந்து மணி நேரம் அது பெரியம்மாவுடையது. முழு வழிக்கும் வெயிட்டிங், பாதி வழிக்கு இடம் என்று திரை காட்டுவதற்குப் பின்னால் இருப்பது இந்தப் போர்வை மடிப்புதான்.

அப்புறம், சென்னையிலிருந்து திருச்சி வரை எப்படிப் போவது? அதே வண்டியில் எழும்பூர்–திருச்சி தனியாக எடுக்கலாம் என்று தோன்றும். பெரும்பாலும் கிடைக்காது. பாதி வழியில் இறங்குகிறவர்களுக்கான குடம் சின்னது, நான் பார்த்தபோதெல்லாம் அது PQWL என்றே நின்றது. எனக்குக் கைகொடுத்தது பகல் வண்டிகள். வைகை எக்ஸ்பிரஸ் மதியம் கிளம்பி மாலை ஏழுக்குள் திருச்சியில் விட்டுவிடும். 1977 ஆகஸ்ட் 15 முதல் ஓடுகிற வண்டி, அதில் இரண்டாம் வகுப்பு இருக்கை கடைசி நாளில்கூடப் பல வாரம் கிடைத்திருக்கிறது. அரை நாள் லீவு போட முடியாத வெள்ளிக்கிழமைகளில் பல்லவன். அது பிற்பகலில் கிளம்பி எட்டரை ஒன்பதுக்குள் திருச்சி. அதற்கு மேல் ஒரு தோசை, ஒரு காபி, பிளாட்பாரத்தில் கொஞ்சம் கொசுக்கடி, கன்னியாகுமரி வந்துவிடும். நேர அட்டவணை வருடா வருடம் நகர்கிறது, அதனால் எடுக்குமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக நான் வைத்துக்கொள்வதில்லை. திருச்சியில் நாம் ஏறாவிட்டால் டிடிஇ கையில் இருக்கும் கருவியில் ஆள் வரவில்லை என்று குறித்துவிடுவார், பெர்த் பாதி இருக்கையோடு காத்திருக்கும் அடுத்த ஆர்ஏசிக்காரருக்குப் போய்விடும்.

இரண்டு இருக்கையும் கிடைக்காத நாளில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸின் பொதுப் பெட்டியிலேயே திருச்சி வரை நின்றும் போயிருக்கிறேன். எழும்பூர்–திருச்சி முன்பதிவில்லாத டிக்கெட், சூப்பர்பாஸ்ட் கட்டணத்தோடு. திருச்சியில் இறங்கி நடந்து என் பெட்டிக்கு மாறினேன். இது முறையானதுதான். ஆனால் திருச்சி டிக்கெட்டை வைத்துக்கொண்டு எழும்பூரிலேயே ஸ்லீப்பரில் ஏறி உட்காரக் கூடாது. அந்தத் தூரத்துக்கு அந்தப் பெட்டியில் நம்மிடம் டிக்கெட் இல்லை, அபராதம் கட்ட வேண்டிவரும்.

செலவு கூடாதா என்று கேட்பார்கள். தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கு ஆகும் கட்டணம் குறைவதால், ஒரே பயணத்தை இரண்டாக வெட்டினால் கொஞ்சம் கூடத்தான் செய்யும். முன்பதிவுக் கட்டணமும் சூப்பர்பாஸ்ட் கட்டணமும் இரண்டு முறை. ஸ்லீப்பருக்கு அது 20-ம் 30-மாக ஐம்பது ரூபாய். ஆனால் முதல் பாதி இரண்டாம் வகுப்பு இருக்கை என்பதால் எனக்கு மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை. ஏசி ஆசை இருந்தால் கவனிக்க வேண்டும். மூன்றடுக்கு ஏசிக்குக் குறைந்தபட்சம் 300 கிலோமீட்டருக்கான கட்டணம் வாங்குவார்கள், ஸ்லீப்பருக்கு 200. மதுரை–நாகர்கோவில் மாதிரிச் சின்னத் துண்டை ஏசியில் எடுத்தால் பயணிக்காத தூரத்துக்கும் சேர்த்துக் கட்டுகிறோம்.

நான் வாங்கிக் கட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூரிலிருந்து வெயிட்டிங், திருச்சியிலிருந்து இடம் இருந்தது. வெள்ளி இரவுதானே போகிறோம் என்று வெள்ளிக்கிழமைத் தேதி போட்டு எடுத்தேன். நெல்லை எழும்பூரில் இரவில் கிளம்பித் திருச்சிக்கு வரும்போது நள்ளிரவு தாண்டிவிடும், தேதி மாறிவிடும். வெள்ளித் தேதியில் திருச்சியில் நிற்பது வியாழக்கிழமை சென்னையில் கிளம்பிய வண்டி. வெள்ளி இரவு பதினொன்றரைக்குப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து எஸ்எம்எஸ்ஸைத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது, என் வண்டி கிட்டத்தட்ட ஒரு நாள் முன்னாலேயே போய்விட்டது. தப்பு முழுக்க என்னுடையது. டிக்கெட்டில் புறப்பாட்டு நேரம் ஒன்றேகால் என்று தெளிவாகவே இருந்தது, நான்தான் படிக்கவில்லை. அன்று பேருந்தில் நின்றுகொண்டே மதுரை வரை போனேன். நடு ஊரிலிருந்து டிக்கெட் எடுக்கும்போது, வண்டி அந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் இப்போது தேதியைத் தொடுகிறேன்.

இதில் சமீபத்தில் எனக்குச் சாதகமான மாற்றம், யாருக்கு எந்த இடம் என்று முடிவாகும் சார்ட்டைப் போடும் நேரம். முன்பெல்லாம் வண்டி கிளம்ப நான்கு மணி நேரத்துக்கு முன்தான் முதல் சார்ட் வரும். மாலை வண்டிக்கு மதியம் ஒன்றரைக்குத் தெரிந்து வைகையைப் பிடிக்க ஓட முடியாது. 2025-இல் அதை முன்னால் தள்ளினார்கள், அதனால் காலையிலேயே விஷயம் தெரிந்துவிடுகிறது. சார்ட் வந்ததும் ஐஆர்சிடிசி தளத்தில் சார்ட், காலியிடம் பார்க்கும் பக்கத்தைத் திறப்பேன். பெட்டிவாரியாக எந்தப் பெர்த் எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை காலி என்று காட்டும். அந்தப் படத்தில் பாதி வழிக்கு மட்டும் காலியான பெர்த்துகள் தனி நிறத்தில் தெரியும், பெரியம்மாவின் பெர்த் மாதிரி. பிறகு திருச்சி, திண்டுக்கல், மதுரை என்று ஒவ்வொரு ஊராகப் போட்டுப் பார்த்தால் சில நாள் CURR_AVBL-0004 என்று வரும், அதாவது சார்ட்டுக்குப் பிறகும் நான்கு இடம் விற்பனைக்கு இருக்கிறது. மதுரையிலிருந்து கிடைத்தாலும் வைகை அங்கே வரைதான் போகிறது, இரண்டு மூன்று முறை அப்படியும் போயிருக்கிறேன்.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். திருச்சியில் இருக்கும் நண்பனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை RLWL காட்டியது, எழும்பூரிலிருந்து இடம் இருந்தது. எழும்பூரிலிருந்தே எடுத்து, பதிவு செய்யும்போதே ஏறுமிடத்தைத் திருச்சி என்று வைக்கச் சொன்னேன். முழுக் கட்டணம்தான், ஆனால் பெர்த் உறுதி. ஏறுமிடத்தை மாற்றிவிட்டால் பழைய ஊரில் ஏறும் உரிமை போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

திரும்பி வருவதற்கு இந்த வித்தை எனக்குப் பயன்படவில்லை. சென்னை நோக்கி வரும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் திருச்சிக்கு நடு இரவில் வருகிறது, அந்த நேரத்தில் இறங்கி வேறு வண்டி தேடுவது வீண் பாடு. ஞாயிறு மாலை நாகர்கோவிலிலிருந்து வெயிட்டிங் என்றால் நான் பேருந்துதான். பொங்கல், தீபாவளிக்கும் இதை நம்பாதீர்கள். போன பொங்கலுக்கு எழும்பூரிலிருந்து REGRET, அதாவது வெயிட்டிங் டிக்கெட்கூட இல்லை, திருச்சியிலிருந்தும் REGRET. விருதுநகர் வரைக்கும் போட்டுப் பார்த்தேன். அம்மா போனில் கேட்டாள், "எதுக்கு மக்ளே விருதுநகர்ல வந்து ஏறணும்?"