பிரிண்ட் ஸ்கிரீன் அடித்தால் ஒன்றும் வராது: ஐந்து வருட அனுபவம்

பெருந்துறைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி ஆய்வகம் என் பொறுப்பில் இருக்கிறது. அறுபது கணினிகள், எல்லாமே விண்டோஸ். மூடுல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் நடக்கும் இன்டர்னல் டெஸ்ட்டுகளுக்கு சேஃப் எக்ஸாம் பிரவுசரைப் போட்டு ஐந்து வருடம் ஆகிறது. சுருக்கமாக எஸ்.இ.பி. என்போம். சூரிச்சில் உள்ள இ.டி.எச். பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. திறந்தால் திரை முழுவதையும் அதுவே பிடித்துக்கொள்ளும். வேறு எதற்கும் போக முடியாது. வெளியே வர எங்களிடம் இருக்கும் கடவுச்சொல் வேண்டும்.

ஐந்து வருடத்தில் என்னிடம் அதிகம் வந்த புகார் ஒன்றுதான். ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியவில்லை என்பது. அதில் முதல் புகார்தாரர் நானே.

முதல் வருடம். டெஸ்ட் தொடங்கி பத்து நிமிடம் இருக்கும். முப்பத்தேழாம் எண் கணினியிலிருந்து ஒரு பையன் கை தூக்கினான். காங்கேயத்துக்காரன். "சார், இந்தக் கேள்வியில சர்க்யூட் படம் வரலீங்க, வெறும் கட்டம்தானுங்க இருக்கு." போய்ப் பார்த்தால் அப்படித்தான். கேள்வி எழுதிய மேடத்துக்குக் காட்டலாம் என்று பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. விண்டோஸ் விசையோடு ஷிஃப்ட்டும் எஸ்ஸும் சேர்த்து அடித்தேன், அதுவும் இல்லை. கீபோர்டு போய்விட்டது என்று நினைத்து வேறொன்றை மாட்டினேன். அந்தப் பையனின் ஐந்து நிமிடம் வீணானதுதான் மிச்சம். சாயங்காலம் அமைப்புகளைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கான்ஃபிகரேஷன் டூலில் `Hooked Keys` பகுதியில் `Enable PrintScreen` என்று ஒரு கட்டம் டிக் இல்லாமல் இருந்தது. கீபோர்டில் ஒரு குறையும் இல்லை. அந்த விசை விண்டோஸுக்குப் போய்ச் சேரும் முன்பே எஸ்.இ.பி. வழிமறித்து விழுங்கிவிடுகிறது.

விசை ஒரு வழிதான். எஸ்.இ.பி.யைப் புது டெஸ்க்டாப் உருவாக்கும் முறையில் ஓடவிட்டால், வழக்கமான டெஸ்க்டாப்பில் இருக்கும் ஸ்னிப்பிங் டூல் மாதிரியானவை அந்தப் பக்கமே நின்றுவிடும். தேர்வு ஓடும் டெஸ்க்டாப் அவற்றின் கண்ணுக்கே படாது. கிளிப்போர்டையும் தொடங்கும்போது ஒரு முறை, முடியும்போது ஒரு முறை துடைத்துவிடுகிறது. ஒரு வழியாக எதையாவது பிடித்தாலும் வெளியே வந்து ஒட்டும்போது காலிதான். தடுக்கப்பட்ட நிரல் பட்டியலும் உண்டு. பின்னால் டீம்ஸோ டிஸ்கார்டோ ஓடிக்கொண்டிருந்தால், அதை மூடச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடும். சொந்த மடிக்கணினி கொண்டுவரும் பிள்ளைகள் தொடக்கத்தில் மாட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதெல்லாம் எதற்கு என்று அப்போது எனக்குக் கோபம். அறைக்குள் இரண்டு பேர் கண்காணிக்கிறோம், போனை வாசலில் பெட்டியில் வாங்கி வைக்கிறோம், ஸ்கிரீன்ஷாட் எடுத்துத்தான் என்ன செய்துவிடப் போகிறான்?

அந்தக் கேள்விக்கு விடை எங்கள் கால அட்டவணையிலேயே இருந்தது. மூன்றாம் ஆண்டில் 170 பேர், கணினியோ 60. அதனால் காலை 9.30, 11 மணி, மதியம் 2 மணி என்று மூன்று அணி. கேள்வி வங்கியில் 120 கேள்விகள், அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் 30 கேள்விகளைக் கணினி கலைத்துக் கொடுக்கும். ஆளுக்கு ஆள் வேறு கேள்வி என்பதால் பயமில்லை என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம். ஒரு நாள் கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு குறிப்பிட்ட கேள்வி ஒரு மாணவனுக்கு வர வாய்ப்பு நான்கில் ஒன்று, வராமல் போக நான்கில் மூன்று. முதல் அணியில் எட்டுப் பேர் கூட்டு சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கேள்வி எட்டுப் பேருக்குமே வராமல் போக, முக்காலை எட்டு முறை பெருக்க வேண்டும். ஏறக்குறைய பத்து சதவீதம் வரும். அதாவது எட்டே பேர் தங்கள் திரையைப் படம் பிடித்தால் 120 கேள்விகளில் சுமார் 108 கைக்கு வந்துவிடும், அதுவும் விருப்ப விடைகளோடு, படத்தோடு, எண் மாறாமல். ஒன்பதரை மணி அணி வெளியே வந்து டீக்கடைக்குப் போவதற்குள் பதினோரு மணி அணியின் வாட்ஸ்அப்பில் இருக்கும்.

ஸ்கிரீன்ஷாட் இல்லாவிட்டால்? மனப்பாடமாக எடுத்துப் போகத்தான் செய்வார்கள். அதைத் தடுக்க முடியாது. ஆனால் ஒரு பையனுக்கு ஐந்தாறு கேள்வி நினைவிருந்தால் அதிகம். அதிலும் மின்தடை 47 ஓமா 74 ஓமா என்பதில் சண்டை வரும். தலைப்பு கசியும், கேள்வி கசியாது. அந்த 120 கேள்வியை எழுத நான்கு ஆசிரியர்கள் ஒரு செமஸ்டர் முழுக்க ஓய்வு நேரத்தைக் கொடுத்திருந்தார்கள். ஒரே காலையில் அது செத்துப்போனால் அடுத்த வருடத்துக்கு மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும்.

எங்கள் ஆய்வக உதவியாளர் அக்காவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சாம்பிள் பிரிவில் இருக்கிறார். "அங்கயும் சாம்பிள் ரூமுக்குள்ள போன் கொண்டுபோக விட மாட்டாங்க சார். பாத்துட்டு வந்து வாயில சொல்றது வேற, போட்டோ வேறதானுங்களே" என்றார். நான் கரும்பலகையில் அரை மணி நேரம் போட்ட கணக்கு.

சரி, முப்பத்தேழாம் கணினிக் கதைக்கு வருகிறேன். துறைத்தலைவர், "ஒரு நாளைக்கு மட்டும் அந்த டிக்கைப் போட்டு விடுங்க, படம் வராத கேள்வியெல்லாம் பசங்களே எடுத்துக் குடுக்கட்டும்" என்றார். அடுத்த டெஸ்ட்டுக்கு முன்னால் ஒரு கணினியில் மட்டும் எஸ்.இ.பி.யின் அமைப்புகள் இருக்கும் `.seb` கோப்பைத் திறந்து, அந்த ஒரே டிக்கைப் போட்டு, சேமித்துத் திறந்தேன். மூடுல் கதவைத் திறக்கவே இல்லை. சரியான அமைப்புக் கோப்பு இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டது.

காரணம் கான்ஃபிக் கீ. அமைப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து ஹாஷ் என்ற ஓர் அடையாளக் குறி கணக்கிடப்படுகிறது. பக்கத்தைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தின் முகவரியோடு இதைச் சேர்த்துக் கலக்கிய ஒரு ஹாஷை எஸ்.இ.பி. அந்தக் கோரிக்கையின் தலைப்புப் பகுதியில் வைத்து அனுப்புகிறது.

```
X-SafeExamBrowser-ConfigKeyHash
```

மூடுலும் தன்னிடம் ஏற்றிவைத்த கோப்பிலிருந்து அதையே கணக்கிட்டு ஒப்பிடுகிறது. ஒரு டிக் மாறினால் ஹாஷ் முழுவதும் மாறிவிடும். ஆகவே மாணவன் தன் கணினியில் ஸ்கிரீன்ஷாட்டை அனுமதித்துக்கொண்டு உள்ளே வருவது நடக்காது. மாற்றினால் சர்வரில் இருக்கும் கோப்பை மாற்ற வேண்டும், அது எல்லாருக்கும் மாறும். நான் மாற்றவில்லை.

அந்தப் படம் ஏன் வரவில்லை என்பதைக் கண்டுபிடிக்க ஸ்கிரீன்ஷாட் தேவையும் படவில்லை. எடுத்திருந்தால் அதில் வெறும் கட்டம்தான் இருந்திருக்கும். உதவியது எஸ்.இ.பி.யின் லாக். விண்டோஸில் `%LocalAppData%\SafeExamBrowser\Logs` என்ற இடத்தில் ஒவ்வொரு அமர்வுக்கும் நேரத்தோடு எழுதி வைக்கிறது. பையன் கை தூக்கிய நேரத்தைத் தேடினேன். வெளியே உள்ள ஒரு தளத்தின் முகவரி தடுக்கப்பட்டதாக இருந்தது. மேடம் படத்தை மூடுலில் ஏற்றாமல், இணையத்தில் கண்ட படத்தின் முகவரியை அப்படியே ஒட்டியிருக்கிறார். ஆசிரியர் உரிமையில் எஸ்.இ.பி. இல்லாமலே முன்னோட்டம் பார்க்கலாம் என்பதால் அவருடைய கணினியில் அழகாகத் தெரிந்தது. ஆய்வகத்தில் மூடுல் தவிர வேறு முகவரிக்கு அனுமதி இல்லை, பக்கத்துக்குள் வரும் படங்களுக்கும் சேர்த்து நாங்கள் வடிகட்டி போட்டிருந்தோம். படத்தை மூடுலிலேயே ஏற்றியதும் சரியானது.

அதிலிருந்து வாசலில் ஒரு நோட்டு. கணினி எண், கேள்வி எண், மணி, என்ன தெரிந்தது. நான்கே கட்டம். இது போதும். அந்த மாணவனுக்கு வந்த கேள்வி எது, எப்போது என்ன விடை சேமிக்கப்பட்டது என்பதெல்லாம் மூடுலில் அவனுடைய முயற்சிக்குள் இருக்கிறது. கேள்வியைப் படமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஆசிரியர் தன் கணினியில் முன்னோட்டத்தைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். தடை தேர்வெழுதுபவருக்குத்தான்.

இனி குறைகள். போன் கேமராவுக்கு முன்னால் இது ஒன்றும் செய்யாது. வேறு சில தேர்வு மென்பொருட்களில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கறுப்புப் பெட்டி மட்டும் விழும். விண்டோஸில் அதற்கென்று `SetWindowDisplayAffinity` என்று ஒரு வசதி இருக்கிறது. திரையை ஒருவர் கேமராவில் எடுத்தால் இது காக்காது என்று மைக்ரோசாஃப்ட்டின் ஆவணமே சொல்கிறது. ஆகவே வாசலில் போன் பெட்டி இல்லாமல் இந்தத் தடைக்குப் பாதி மதிப்புதான். வீட்டிலிருந்து எழுதும் டெஸ்ட்டுக்கு இதை மட்டும் நம்பி நடத்துபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கணினிக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினிக்குள் ஓடவிட்டு வெளியிலிருந்து படம் எடுக்கும் வித்தையும் உண்டு. அதனால்தான் மெய்நிகர் கணினியில் ஓட அனுமதி என்ற டிக்கை நாங்கள் எடுத்தே வைத்திருக்கிறோம். இரண்டாவது திரை மாட்டுவதையும் ஒன்றுக்கு மேல் கூடாது என்று கட்டியிருக்கிறோம்.

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது வேறு. டெஸ்ட் நடுவே கரண்ட் போய், யு.பி.எஸ்ஸும் கைவிட்டு, கணினி பாதியில் அணைந்தால், மறுபடி வரும்போது கன்ட்ரோல் ஆல்ட் டெலீட் திரையில் டாஸ்க் மேனேஜர், கணினியைப் பூட்டும் வசதி எல்லாம் காணாமல் போயிருக்கும். எஸ்.இ.பி. பூட்டியதைத் திறக்க வாய்ப்பில்லாமல் செத்திருக்கும். அதோடு வரும் ரீசெட் யுடிலிட்டியை ஓட்டினால் பழையபடி ஆகிவிடும். இதைத் தெரிந்துகொள்ளும் முன் இரண்டு கணினிக்கு விண்டோஸையே புதிதாகப் போட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இன்னொன்று, எஸ்.இ.பி.யே பிழைச் செய்தி காட்டினால் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. அதற்குக் கண்காணிப்பாளர் போனில் படம் எடுக்கலாம், கேள்வி தெரியாத திரையாக இருந்தால் மட்டும், என்று வைத்திருக்கிறோம்.

போன வாரம் நோட்டில் மூன்று பதிவுகள். ஒன்று எழுத்துப்பிழை, ஒன்று மௌஸ். மூன்றாவது முதலாம் ஆண்டுப் பெண் தன் கையெழுத்தில் எழுதியது: கணினி 12, கேள்வி 8, மணி 11.20, "பிரிண்ட் ஸ்கிரீன் வேலை செய்யவில்லை." பக்கத்தில் அக்கா பச்சை மையில் டிக் போட்டு வைத்திருக்கிறார்.