−10 கெயினுக்கு இரண்டு வழிகள்: விர்ச்சுவல் ஷார்ட்டா, முழுக் கணக்கா?

இன்வெர்ட்டிங் ஆம்ப்ளிஃபையரின் கெயினை இரண்டு விதமாக வருவிக்கலாம். விர்ச்சுவல் ஷார்ட்டை நம்பி இரண்டே வரியில் முடிப்பது ஒன்று. ஆப்-ஆம்ப்பின் சொந்த கெயினான A-யை விடாமல் கணக்குப் போடுவது மற்றொன்று. புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்லித்தரும்போது நான் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டுக்கும் ஒரே சர்க்யூட். 741 ஆப்-ஆம்ப், ±15 வோல்ட் சப்ளை. சிக்னலிலிருந்து இன்வெர்ட்டிங் பின்னுக்கு R1 = 10 கிலோ ஓம், அங்கிருந்து அவுட்புட்டுக்கு Rf = 100 கிலோ ஓம். நான்-இன்வெர்ட்டிங் பின் தரையில்.

குறுக்குவழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்புட் பின்களுக்குள் கரன்ட் போகாது. நெகட்டிவ் ஃபீட்பேக் இருந்தால் இரண்டு பின்களும் ஒரே வோல்டேஜில் நிற்கும். ஒரு பின் தரையில் இருப்பதால் மற்றதும் 0 வோல்ட். R1-ல் வரும் கரன்ட் Vin/R1. அதற்குப் போக வேறு இடமில்லை, அப்படியே Rf வழியாகப் போகிறது. ஆக Vout = −Vin × Rf/R1, கெயின் −10. இன்புட் ரெசிஸ்டன்ஸ் வெறும் R1 தான் என்பதும் கையோடு கிடைத்துவிடுகிறது. வேகத்தில் இதை மிஞ்ச முடியாது.

ஆனால் அந்த 0 வோல்ட் எங்கிருந்து வந்தது, எப்போது வராமல் போகும் என்று கேட்டால் இந்த வழியிடம் பதில் இல்லை. எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

முழுக் கணக்கில் இன்வெர்ட்டிங் பின்னின் வோல்டேஜை Vm என்று வைத்துக்கொள்வோம். அது 0 என்று முன்கூட்டியே சொல்லமாட்டோம்.

```
(Vin − Vm)/R1 = (Vm − Vout)/Rf
Vout = −A × Vm
Vout/Vin = −(Rf/R1) / (1 + (1 + Rf/R1)/A)
```

741-க்கு டிசியில் A வழக்கமாக 2,00,000 அளவில் இருக்கும். நம் சர்க்யூட்டில் 1 + Rf/R1 = 11. அதை A-யால் வகுத்தால் 0.000055; பிழை 0.0055 சதவீதம். அவுட்புட்டில் −1 வோல்ட் வர, Vm 5 மைக்ரோவோல்ட் இருந்தால் போதும். விர்ச்சுவல் ஷார்ட் என்பது இந்த 5 மைக்ரோவோல்ட்டைத் தூக்கிப்போடுவதுதான். அதை மீட்டரில் பார்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 741-ன் ஆஃப்செட்டே சுமார் 1 மில்லிவோல்ட் இருக்கும்.

சரி, ஃப்ரீக்வென்சியை 10 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றுவோம். 741-ன் கெயின்-பேண்ட்விட்த் ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ். அதனால் A இப்போது வெறும் 100. அவுட்புட்டில் 1 வோல்ட் வர Vm 10 மில்லிவோல்ட் இருக்க வேண்டும். இன்புட்டே 100 மில்லிவோல்ட்தான். அதில் பத்தில் ஒரு பங்கை எப்படிப் பூஜ்யம் என்பது? ஆனாலும் கெயின் 9.01-க்கு இறங்கிவிடாது. இங்கே A 90 டிகிரி பின்தங்கி வருவதால் பகுதி 1.11 அல்ல, 1 + j0.11. அதன் அளவு 1.006. எனவே கெயின் சுமார் 9.94, கூடவே 6 டிகிரி ஃபேஸ் தாமதம். சுமார் 91 கிலோஹெர்ட்ஸில்தான் கெயின் 7.07-க்கு வரும். ஸ்கோப்பில் Vm-ஐப் பார்த்தால், அவுட்புட் அளவு மாறாமல் ஃப்ரீக்வென்சி ஏற ஏற அது வளர்வது தெரியும்.

சாச்சுரேஷனும் அப்படித்தான். இன்புட்டில் 2 வோல்ட் டிசி கொடுத்தால் சூத்திரம் −20 கேட்கும். அவுட்புட் −13 வோல்ட் பக்கத்தில் நின்றுவிடும். அப்போது Vm வெறும் மின்தடைப் பங்கீடு: (2 × 100 − 13 × 10)/110, அதாவது 0.64 வோல்ட். மல்டிமீட்டரை இன்வெர்ட்டிங் பின்னான பின் 2-ல் வைத்தால் சில மில்லிவோல்ட்டுக்குப் பதில் இது காட்டும். ஆப்-ஆம்ப்பின் பிடி விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான சோதனை எனக்குத் தெரியாது.

ஆடியோவுக்குக் கீழே, சின்ன கெயினில், அவுட்புட் சப்ளைக்கு எட்டாமல் இருந்தால் நானும் குறுக்குவழியில்தான் கணக்குப் போடுகிறேன்.

நான் ஆதரிக்கும் வழிக்கும் ஒரு ஓட்டை உண்டு. பின் 2, 3 இரண்டையும் தவறுதலாக மாற்றிப் போட்டுவிட்டால் குறுக்குவழி அப்போதும் −10 தரும். முழுக் கணக்கில் A-யின் குறி மாறி, பகுதி 1 − 11/A ஆகும். அதுவும் ஏறக்குறைய −10 தான்! உண்மையில் அவுட்புட் ஏதாவதொரு சப்ளைப் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். அதைக் காகிதத்தில் பார்க்க, A காலத்தோடு எப்படி மாறுகிறது என்பதையும் சமன்பாட்டில் சேர்க்க வேண்டும். சேர்த்தால், −10-லிருந்து இம்மி விலகினாலும் அந்த விலகல் வளர்ந்துகொண்டே போகும் என்பது தெரியும்.