சரிபார்ப்பதா, சர்வரே நகர்த்துவதா?

பீளமேட்டில் மொபைல் கேம் செய்யும் தம்பிகள் கேட்டது: வேகத்தில் ஏமாற்றுகிறவனைப் பிடிக்க எது சரிங்க?

முதல் வழியில் போன் தன் இடத்தைச் சொல்லும், சர்வர் சரிபார்க்கும். இரண்டாவதில் ஜாய்ஸ்டிக் அசைவு மட்டும் வரும். இடத்தைச் சர்வரே கணக்கிடும்.

செலவு: முதலாவதில் கொஞ்சம் கணக்குதான். இரண்டாவதில் சுவர், மோதல் எல்லாம் சர்வரில் ஓடணும், வாடகை ஏறும்.

தவறாகப் பிடிப்பது: முதலாவதில்தான் வம்பு. கேமில் ஓடும் வேகம் நொடிக்கு 6 மீட்டர்தான் என்று வைப்போம். பொள்ளாச்சி பஸ்ஸில் ஆடுகிற பையனுக்கு ஒரு நொடி சிக்னல் போனால், தேங்கிய பாக்கெட்டுகள் மொத்தமாக வரும். 6 மீட்டரை 0.1 நொடியில் தாண்டினான் என்று சர்வர் நினைக்கும். போன் சொல்லும் நேரத்தையும் நம்ப முடியாது. அதனால் 5 நொடிக்கு 30 மீட்டர், தேக்கத்துக்கு 6 மீட்டர் சலுகை. 36ஐத் தாண்டினால் தடை வேண்டாம், பழைய இடத்துக்கே இழுத்து விடுங்க.

தப்பிப்பது: அந்தச் சலுகைக்குள் நொடிக்கு 7 மீட்டர் ஓடும் கில்லாடி சிக்க மாட்டான். இரண்டாவதில் அவனுக்கு வழியில்லை. ஆனால் நொடிக்கு இத்தனை அசைவுதான் என்று வரம்பு வைக்கணும், இல்லாவிட்டால் கடிகாரத்தை முடுக்கி அதிகம் அனுப்புவான்.

நண்பர்களுக்குள் ஆடும் கேமுக்கு முதலாவது போதும். பரிசுப் பணம் உண்டென்றால் இரண்டாவதுதானுங்க.