குளோரோகுயினா, ஏசிடியா? மலேரியாவுக்கு எது?

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஒடிசாவிலிருந்து திரும்பிய தொழிலாளிக்குக் குளிர்காய்ச்சல் என்றால், மாத்திரையைத் தேடும் முன் ரத்தத் தடவல் பார்க்க வேண்டும். மலேரியாக் கிருமி வைவாக்ஸ் வகையா, ஃபால்சிபாரம் வகையா என்பதுதான் மருந்தைத் தீர்மானிக்கும்.

வேலை செய்யும் விதம்
குளோரோகுயின்: கிருமி நம் ஹீமோகுளோபினைத் தின்றதும் மிஞ்சும் ஹீம் அதற்கே நஞ்சு. அதைப் படிகமாக்கித்தான் கிருமி பிழைக்கிறது. மருந்து அதன் உணவுப்பையில் சேர்ந்து படிகமாவதைத் தடுக்கும்.
ஏசிடி: ஆர்ட்டிசுனேட் போன்ற ஒரு மருந்தும் ஒரு துணைமருந்தும் சேர்ந்த கூட்டுச் சிகிச்சை. ஆர்ட்டிசுனேட் கிருமிகளைச் சடுதியில் குறைத்து, சில மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடும். மிச்சத்தை நாள்கணக்கில் தங்கும் துணைமருந்து முடிக்கும்.

எதிர்ப்பு
குளோரோகுயின்: 1950களின் இறுதியில் தாய்லாந்து–கம்போடியா எல்லையில் ஃபால்சிபாரம் தப்பத் தொடங்கியது. 1973இல் அசாமில் தெரிந்தது. உணவுப்பைச் சுவரிலுள்ள ஒரு புரதம் மாறி, மருந்தை வெளியே தள்ளிவிடுகிறது. டோஸைக் கூட்டுவது தீர்வல்ல, நஞ்சாகும்.
ஏசிடி: இதிலுள்ள இரண்டு மருந்துக்கும் ஒரே கிருமி ஒருசேரத் தப்புவது அரிது. ஆர்ட்டிசுனேட்டை மட்டும் 3 நாள் கொடுத்தால் காய்ச்சல் விடும், சில வாரங்களில் திரும்பும்.

எளிமை
குளோரோகுயின்: விலை மலிவு. பெரியவருக்கு 150 மி.கி. மாத்திரை 4, 4, 2 என 3 நாள்.
ஏசிடி: இதுவும் 3 நாள்தான். இரண்டாம் நாளே காய்ச்சல் விடுவதால் பலர் நிறுத்திவிடுவதுதான் தொல்லை.

இந்தியாவில் வைவாக்ஸுக்குக் குளோரோகுயின் இன்றும் போதும். ஈரலில் உறங்கும் கிருமிக்கு 14 நாள் பிரைமாகுயினும் வேண்டும், கர்ப்பிணிக்கு அது கூடாது. ஃபால்சிபாரத்துக்கு ஏசிடிதான்.