மூன்று கருத்துகள், ஓர் எடுத்துக்காட்டு: எந்த எடுத்துக்காட்டு?

ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கும் ஸ்லைடுகளைக் கொண்ட இன்ஸ்டாகிராம் கரோசலில் ஒரு கட்டுரை நூலைச் சுருக்கித் தருவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பின்பற்றுகின்றனர். அத்தியாயத்துக்கு ஒரு ஸ்லைடு என்று நூலை வரிசையாகச் சொல்லிச் செல்வது ஒன்று. மூன்று கருத்துகளையும் ஓர் எடுத்துக்காட்டையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவது மற்றொன்று. அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே சரிபார்ப்புப் பட்டியல்களைப் பற்றி 2009இல் வெளியிட்ட ‘தி செக்லிஸ்ட் மேனிஃபெஸ்டோ’ நூலை எடுத்துக்கொண்டால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

அந்நூலில் ஒன்பது அத்தியாயங்கள் உள்ளன. விமானிகள், கட்டடப் பொறியாளர்கள், முதலீட்டாளர்கள், அறுவை அரங்குகள் என ஒவ்வொன்றிலும் களம் மாறிக்கொண்டே இருக்கும். வரிசை முறையில் சுருக்கினால் ஸ்லைடுக்கு ஸ்லைடு புதிய ஆட்கள் வருவார்களே தவிர, வாதம் நகராது. ஏற்கெனவே நூலைப் படித்தவருக்கு நினைவுக்குறிப்பாக அது பயன்படும். படிக்காதவருக்குப் பொருளடக்கம்தான் கிடைக்கும். ஆகவே மூன்று கருத்து முறையே மேல் என்பது என் கணிப்பு.

கருத்து என்பது யாரேனும் மறுத்துப் பேசக்கூடிய முழு வாக்கியமாக இருக்க வேண்டும். ‘சரிபார்ப்புப் பட்டியல் அவசியம்’ என்பது வெறும் தலைப்பு. இந்நூலிலிருந்து நான் எடுக்கும் மூன்று இவை. வல்லுநர்களின் பல தவறுகள் அறியாமையால் அல்ல, அறிந்ததைச் செய்யாமல் விடுவதால் நேர்கின்றன. நல்ல பட்டியல் எல்லாவற்றையும் சொல்லாது. விட்டால் ஆபத்தான, ஆனால் எளிதில் விட்டுப்போகும் சில படிகளை மட்டுமே சொல்லும். மூன்றாவதாக, பட்டியல் நினைவூட்டுவதோடு நில்லாமல், கீழ்நிலையில் உள்ளவர் மேல்நிலையில் உள்ளவரைத் தடுத்து நிறுத்தும் உரிமையையும் தருகிறது.

இனி எடுத்துக்காட்டு. நூலில் மூன்று கதைகள் போட்டியிடுகின்றன. வான் ஹேலன் இசைக்குழு, மேடைக்குப் பின்னால் வைக்கும் எம் அண்ட் எம் மிட்டாய்களில் பழுப்பு நிறம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிவைத்த கதை உடனே ஈர்க்கும், பலரும் பகிர்வார்கள். ஆனால் அது ஒப்பந்தத்தை அமைப்பாளர்கள் ஊன்றிப் படித்தார்களா என்று அறிய வைத்த பொறி. படித்து முடித்தவர் மனத்தில் மிட்டாய் மட்டுமே மிஞ்சும். 1935இல் அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் மாடல் 299 விமானம் சோதனைப் பறப்பில் விழுந்த நிகழ்ச்சிக்கு வலு அதிகம்: விமானத்தை ஏற்றி இறக்கித் திருப்பும் கட்டுப்பாட்டுப் பரப்புகளின் பூட்டை விடுவிக்க அனுபவமிக்க விமானி மறந்திருந்தார், அதன் பிறகே விமானிகளுக்கான பட்டியல் வந்தது. முதல் இரண்டு கருத்துகளை இது தாங்கும். மூன்றாவதற்கு இதில் இடமில்லை.

மருத்துவர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் 2001இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செய்தது மட்டுமே மூன்றையும் தாங்குகிறது. பெரிய இரத்தக்குழாயில் சென்ட்ரல் லைன் என்னும் மெல்லிய குழாயைச் செருகும்போது கிருமித்தொற்றைத் தடுக்க ஐந்து படிகளை அவர் ஒரே தாளில் எழுதினார்: கைகழுவுதல், தோலைக் குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியால் துடைத்தல், நோயாளியின் உடல் முழுவதையும் தூய்மையாக்கப்பட்ட துணியால் மூடுதல், முகக்கவசமும் மேலங்கியும் கையுறையும் அணிதல், செருகிய இடத்தில் கட்டுப்போடுதல். இவை அறியாத மருத்துவர் இல்லை. ஆயினும் ஒரு மாதம் செவிலியர் கவனித்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நோயாளிகளிடம் ஒரு படியாவது விடுபட்டிருந்தது. அடுத்து, படி விடுபட்டால் மருத்துவரைத் தடுக்கலாம் என்று நிர்வாகம் செவிலியருக்கு அதிகாரம் தந்தது. லைன் செருகிப் பத்து நாளில் ஏற்படும் தொற்று 11 விழுக்காட்டிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியது.

இக்கதையை மொத்தமாக இறுதியில் வைப்பதா, பிரித்து வைப்பதா என்பது அடுத்த தேர்வு. பிரிப்பதே நல்லது. முதல் ஸ்லைடில் ‘எல்லா மருத்துவர்களுக்கும் தெரிந்த ஐந்து படிகள். பிறகு ஏன் தொற்று?’ என்ற கேள்வி. இரண்டாவதில் செவிலியர் கண்டது, மூன்றாவதில் முதல் கருத்து. நான்காவதில் ஐந்து படிகள், ஐந்தாவதில் இரண்டாம் கருத்து. ஆறாவதில் செவிலியரின் அதிகாரம், ஏழாவதில் மூன்றாம் கருத்து. எட்டாவதில் தொற்று விகிதம். விகிதத்தை முன்னரே சொல்லிவிட்டால், பலர் அங்கேயே நின்றுவிடுவர். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், கைப்பேசித் திரையில் ஒரு ஸ்லைடுக்கு இருபத்தைந்து சொற்களுக்கு மேல் போனால் எழுத்தைச் சிறிதாக்க நேரிடும். அப்போது சொல்லைக் குறைக்க வேண்டுமே ஒழிய, எழுத்தளவை அல்ல.

ஒற்றை எடுத்துக்காட்டு முறைக்கு ஒரு குறை உண்டு: ஓரிடத்து வெற்றி எங்கும் கிடைக்கும் என்ற தோற்றத்தை அது தந்துவிடும். கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியலை ஏற்ற பிறகு இறப்பு விகிதம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்று 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நூலுக்குப் பின் வந்த செய்தி என்பதால் இதை ஸ்லைடில் சேர்க்காமல், படத்துக்குக் கீழே வரும் குறிப்பில், ஆண்டோடு தனி வரியாகத் தருவது முறையாகும்.