மாதம் ஒரு மாத்திரை: ஹூஸ்டனில் எங்கள் மணியும் இதயப்புழுவும்

ஹூஸ்டனில் நாய் வளர்க்கும் நம்மாட்கள் வாட்ஸாப் குழுவில் அடிக்கடி கேட்பது இதுதான்: "இதயப்புழு மாத்திரை மாசாமாசம் கட்டாயம் தரணுமா, குளிர்காலத்திலாவது நிறுத்தலாமா?" எங்கள் மணிக்கு இந்த மருந்தைப் பல வருடமாகக் கொடுத்து வருகிறோம், நடுவில் அந்தப் புழுவுக்கே முழுச் சிகிச்சையும் பார்த்தோம். அதனால் எந்தச் சுவை பிடித்தது என்பதோடு நிறுத்தாமல், மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் அது புரிந்தால் மேலே உள்ள கேள்வியே வராது.

முதலில் பலர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒன்று. இந்த மாத்திரை அடுத்த முப்பது நாளைக்குக் காவல் நிற்பதில்லை. ஐவர்மெக்டின், மில்பெமைசின் வகை மருந்துகள் சில நாட்களிலேயே ரத்தத்தில் வெகுவாகக் குறைந்துவிடும். இன்று கொடுக்கும் மாத்திரை கடந்த ஒரு மாதத்தில் கொசு ஏற்றிவிட்டுப் போன குஞ்சுப் புழுக்களைக் கொல்கிறது. கதவைப் பூட்டுகிற வேலை இல்லை, மாதம் ஒருமுறை வீட்டைக் கூட்டித் தள்ளுகிற வேலை. மருந்து கொடுத்த மறுவாரமே கொசு கடித்து புதுப் புழு உள்ளே வரலாம், வந்துவிட்டுப் போகட்டும், அடுத்த மாத்திரை அதைப் பார்த்துக்கொள்ளும். அடுத்த மாத்திரை வந்தால்தான்!

ஏன் ஒரு மாதம் என்ற கணக்கு? புழு உள்ளே வளரும் வேகம்தான் காரணம். நோயுள்ள நாயின் ரத்தத்தைக் குடிக்கும் கொசு, அதில் மிதக்கும் மைக்ரோஃபைலேரியா என்ற கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளையும் சேர்த்து உறிஞ்சுகிறது. ஹூஸ்டன் மாதிரி சூட்டில் பத்துப் பதினான்கு நாளில் அவை கொசுவுக்குள்ளேயே அடுத்த நாய்க்குத் தொற்றும் பருவத்துக்கு வந்துவிடும். குளிர் அதிகமானால் இந்த வளர்ச்சி மெதுவாகி, சுமார் 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நின்றே போகும். கொசு கடிக்கும்போது புழு தோலில் விழுந்து, கடித்த ஓட்டை வழியாக நுழைகிறது. முதல் இரண்டு வாரத்துக்குள் ஒருமுறை தோலுரிக்கும், அப்புறம் ஐம்பது முதல் எழுபது நாளுக்குள் இன்னொரு முறை உரித்து இளம் புழுவாகி, ரத்தக் குழாய் வழியே நுரையீரல் தமனிகளுக்குப் போய்ச் சேரும். ஆறு ஏழு மாதத்தில் முழு வளர்ச்சி. பெண் புழு ஓர் அடி நீளம் வரை இருக்கும், ஐந்து முதல் ஏழு வருடம் உயிரோடு இருக்கும்.

மாதாந்திர மருந்து சாகடிப்பது அந்த முதல் கட்டத்தை. ஒரு மாத வயதுப் புழு வரை உறுதியாகச் சாகும். அதற்கு மேல் மருந்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே தாராளம் உண்டு, ஆனால் ஐம்பது அறுபது நாள் தாண்டிய புழு இந்த அளவு மருந்துக்கெல்லாம் அசையாது. அளவு என்றால் எவ்வளவு தெரியுமா? மணி 28 கிலோ. அவனுக்கு முதலில் கொடுத்த ஹார்ட்கார்ட் பிளஸ் மாத்திரையில் இருந்த ஐவர்மெக்டின் 272 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் குறையாமல் கிடைத்தால் போதும். அவ்வளவு சொற்ப மருந்தில் சாகிற அளவுக்குப் புழு பிஞ்சாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும், அதுதான் இதன் சூட்சுமம்.

இனி மணி கதை. அக்டோபர் தொடக்கத்தில் காப்பகத்திலிருந்து எடுத்து வந்தோம். அங்கேயே ரத்தப் பரிசோதனை செய்து இதயப்புழு இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வந்த வாரமே மாத்திரை ஆரம்பம், ஒரு மாதமும் தவறவில்லை. எங்கள் வெட் மட்டும், "ஏப்ரலில் இன்னொரு தரம் டெஸ்ட் பண்ணணும், மறந்துடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். இதென்ன கூடுதல் பில் போடும் வழியோ என்றுகூட வீட்டில் பேச்சு வந்தது. ஏப்ரலில் அந்தக் குட்டி பிளாஸ்டிக் கருவியில் ரத்தச் சொட்டுகளை விட்டு எங்கள் கண் முன்னாலேயே வைத்தார். வெள்ளைக் கட்டத்தில் முதலில் ஒரு நீலப் புள்ளி, அது கருவி வேலை செய்கிறது என்பதற்கு. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொன்று, மங்கலாக, பிறகு தெளிவாக. பாசிட்டிவ்.

மாத்திரை வேலை செய்யவில்லையா என்றுதான் உடனே கேட்டேன். அவர் காலண்டரைத் திருப்பிப் பின்னோக்கி எண்ணிக் காட்டினார். இந்த டெஸ்ட் கண்டுபிடிப்பது வளர்ந்த பெண் புழு விடும் ஒரு புரதத்தை. கொசு கடித்து ஐந்தாறு மாதம் ஆகும் முன் அது ரத்தத்தில் தெரியாது. மணி தெருவில் இருந்த ஜூலையில் கடித்திருந்தால், அக்டோபரில் புழுவுக்கு வயது மூன்று மாதம்: டெஸ்டுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது, மாத்திரைக்குச் சாகாத அளவுக்குப் பெரியது. காப்பகத்தின் முடிவும் சரி, மாத்திரையும் சரி, இடையில் இருந்த அந்த இடைவெளியில்தான் புழு உட்கார்ந்திருந்தது. வளர்ந்த நாயைத் தத்தெடுக்கிறவர்கள் இந்த ஆறு மாத மறுபரிசோதனையை விடவே கூடாது.

உறுதிப்படுத்த வேறொரு கம்பெனியின் கருவியிலும் பார்த்தார்கள். ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியாவும் தேடினார்கள், ஒன்றும் இல்லை. மாதாந்திர மருந்து எடுக்கும் நாயில் பெரிய புழு இருந்தும் குஞ்சுகள் காணாமல் இருப்பது சகஜமாம், அதனால் வெறும் ரத்தத் துளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று கிளம்பிவிட முடியாது.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மாதம் டாக்சிசைக்ளின். அது புழுவைக் கொல்வதற்கு இல்லை, புழுவுக்குள் குடியிருக்கும் வோல்பேக்கியா என்ற பாக்டீரியாவை ஒழித்துப் புழுவைப் பலவீனமாக்க. பிறகு ஒரு மாதம் இடைவெளி. 60ஆம் நாள், வளர்ந்த புழுவைக் கொல்லும் மெலார்சமின் ஊசி, இடுப்புப் பக்கத்து முதுகுத் தசையில் ஆழமாக. ஆர்சனிக் கலந்த மருந்து, நன்றாகவே வலிக்கும். மணி இரண்டு நாள் உட்காரவே யோசித்தான். 90, 91ஆம் நாட்களில் இன்னும் இரண்டு ஊசி. இதைவிடக் கஷ்டம் அவனைக் கட்டிப் போட்டு வைத்தது. செத்த புழுக்கள் துண்டு துண்டாகி நுரையீரல் குழாய்களில் போய் அடைக்கும், அந்தச் சமயத்தில் நாய் ஓடினால் ரத்த ஓட்டம் கூடி ஆபத்து. அதனால் ஊசிக் காலம் முழுவதும், கடைசி ஊசிக்குப் பிறகும் ஆறு எட்டு வாரம், கூண்டு, கயிறு, வாசல் வரை ஒண்ணுக்குப் போய் வருவது, அவ்வளவுதான். இருமல், மூச்சு வாங்கல், ஈறு வெளுப்பு எது வந்தாலும் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். நல்ல வேளை வரவில்லை. அடுத்த ஏப்ரலில் டெஸ்ட் நெகட்டிவ்.

அப்புறம் மருந்து மாற்றினோம். இப்போது கொடுப்பது சிம்பாரிகா டிரையோ. இதயப்புழுவுக்கு மாக்ஸிடெக்டின், உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் வேறொரு மருந்து, குடல் புழுவுக்கு இன்னொன்று, எல்லாம் ஒரே மாத்திரையில். எங்களுக்கு வசதி, அவனுக்கும் பிடிக்கிறது. ஆனால் அந்த உண்ணி மருந்து வகைக்கு வலிப்பு வரலாம் என்ற எச்சரிக்கையை அமெரிக்க மருந்துத் துறை 2018இல் வெளியிட்டிருக்கிறது, ஏற்கெனவே வலிப்பு உள்ள நாய்க்கு வெட்டிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள். பழைய மாத்திரையில் ஒரே தொல்லை, சில நாள் வாயில் ஒதுக்கி வைத்திருந்து சோபாவுக்குப் பின்னால் துப்புவான். அதனால் எந்த மாத்திரையானாலும் துண்டாக்கிக் கொடுத்து விழுங்கும் வரை பக்கத்திலேயே நிற்பது என் வழக்கம். மாதாமாதம் நினைவு வைக்க முடியாதவர்களுக்கு ஆறு மாதம், ஒரு வருடம் தாங்கும் மாக்ஸிடெக்டின் ஊசியும் இருக்கிறது, அது மெதுவாகக் கரைந்து உள்ளேயே நிற்கும் வகை.

குளிர்காலத்தில் நிறுத்தலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கே ஜனவரியிலும் கொசு கடிக்கிறது. அதைவிட முக்கியம், நவம்பர் கடைசியில் கடித்த கொசுவின் புழுவை டிசம்பர் மாத்திரைதான் கொல்ல வேண்டும். டிசம்பரில் நிறுத்தி மார்ச்சில் ஆரம்பித்தால் அந்தப் புழுவுக்கு அப்போது தொண்ணூறு நாளுக்கு மேல் வயது. நாள் தவறிவிட்டால் உடனே கொடுத்து, மாதாமாதம் தொடர்ந்து, ஆறு மாதம் கழித்து டெஸ்ட் எடுக்க வேண்டும், வேறு குறுக்கு வழி இல்லை. சரி, ஒழுங்காகக் கொடுத்தால் நூற்றுக்கு நூறா என்றால் அதுவும் இல்லை. மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில் இந்த மருந்துக்கு அடங்காத புழு இனம் உறுதியாகியிருக்கிறது. வருடாந்திர டெஸ்ட் அதற்காகவும்தான்.

போன மாதம் நாகர்கோவிலிலிருந்து அத்தை மகன் வீடியோ அனுப்பியிருந்தான். அவனுடைய நாயின் ரத்தத் துளியில் ஏதோ நெளிகிறது, இதயப்புழு கருவியில் நெகட்டிவ், தோலுக்கடியில் ஒரு கட்டி. "மச்சான், உன் மணிக்கு வந்ததுதானா இது?" என்று கேட்டான். அநேகமாக இல்லை. கேரளா, அதை ஒட்டிய நம் பக்கம், இலங்கை இங்கெல்லாம் அதிகம் காணப்படுவது டைரோஃபைலேரியா ரெபென்ஸ் என்ற பங்காளிப் புழு. இதுவும் கொசுவால்தான் பரவும், ஆனால் இதயத்துக்குப் போகாமல் தோலுக்கடியில் வாழும், இதயப்புழு கருவி இதற்கு நம்பகமில்லை. நாயை அவ்வளவாகப் படுத்தாது, ஆனால் மனிதர்களின் கண்ணிலிருந்து இந்தப் புழுவை எடுத்த கதைகள் கேரளாவிலும் இலங்கையிலும் நிறைய. போதாததற்கு கேரளக் கடலோரத்து நாய்களில் யானைக்கால் நோயோடு தொடர்புள்ள ப்ரூஜியா புழுவும் கண்டிருக்கிறார்கள். எது எது என்று பிரிக்க, ஒரு மில்லி ரத்தத்தை ஃபார்மலினில் கலந்து சுழற்றி, அடியில் தங்கியதைச் சாயம் போட்டுப் பார்க்கும் நாட் டெஸ்ட் வேண்டும். ப்ரூஜியா குஞ்சுக்கு மேலே மெல்லிய உறை தெரியும், மற்ற இரண்டுக்கும் இல்லை.

அவன் கேட்ட அடுத்த கேள்விதான் என்னைப் பயமுறுத்தியது: மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்துக் கடையில் கிடைக்கிறதே, அதையே போட்டால் என்ன? அது ஒரு சதவீதக் கரைசல், ஒரு மில்லியில் 10 மில்லிகிராம், மணி சாப்பிட்ட மாத்திரை முப்பத்தாறு சேர்ந்தாலும் அதற்குக் கொஞ்சம் குறையும். கோலி மாதிரி சில இன நாய்களில் அது மூளைக்குள் நுழைந்து கோமா வரை கொண்டுபோகும், ரத்தத்தில் குஞ்சுகள் நிறைய இருக்கும் நாயில் அவை ஒரே நேரத்தில் சாகும்போதும் அதிர்ச்சி வரலாம். நாட் டெஸ்ட் எடுத்துவிட்டு, மாக்ஸிடெக்டின் சொட்டு மருந்து கழுத்தில் விடலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.